பிளாட்டில் குப்பை பிரிப்பதும் உரம் போடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெடாவில் லூனாஸ், பாடாங் செராய், பீடோங் மாதிரி தோட்டத்தை ஒட்டி வளர்ந்த பட்டணங்களில் இருக்கும் ஐந்து மாடி பிளாட்டுகளை மனதில் வைத்து எழுதியது இது. லிப்ட் கிடையாது, மாடிக்கு எட்டு வீடு, மொத்தம் 40. படிக்கட்டில் நின்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம்.

"நாம பிரிச்சு வெச்சு என்ன பிரயோஜனம்? லாரிக்காரன் எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுறான்?"

வாரத்தில் மூன்று நாள் லாரி வருகிறது. இரண்டு நாள் வருவது சாதாரணக் குப்பைக்கு. ஒரு நாள் வருவது மறுசுழற்சிப் பொருளுக்கும் பழைய மெத்தை, வெட்டிய கிளை போன்ற பெரிய சாமான்களுக்கும். பிரித்து வைத்த பேப்பரையும் போத்தலையும் சாதாரணக் குப்பை நாளில் இறக்கினால் அது சாதாரணக் குப்பையோடுதான் போகும். "ஒண்ணா கொட்டுறான்" என்ற புகார் பெரும்பாலும் இந்த நாள் குழப்பத்திலிருந்து வருவது. இன்னொரு காரணமும் உண்டு: மறுசுழற்சிப் பையில் மீன் தண்ணீர் ஊறியிருந்தால் அந்த மொத்தப் பையும் குப்பைதான். நனைந்த அட்டையை யாரும் எடுக்க மாட்டார்கள்.

சமையல் கழிவைக் கொட்ட புளோக்குக்குக் கீழே வைக்கும் உரப் பெட்டிக்குப் போவதை லாரி தொடவே போவதில்லை. அது நம் புளோக்கைத் தாண்டாது. ஆகையால் லாரியை நம்பாதவர்களிடம் மறுசுழற்சியைப் பற்றி வாதாட வேண்டாம். சமையல் கழிவிலிருந்து ஆரம்பியுங்கள். போட்டது என்ன ஆகிறது என்று அவர்களே இறங்கி வந்து பார்க்கலாம்.

"இது சட்டத்துல இருக்கா, இல்ல கமிட்டிக்காரங்களா சொல்றதா?"

பாதி சட்டம், பாதி நம் விருப்பம். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம், அதாவது சட்டம் 672, கெடாவில் நடப்பில் உள்ளது. மறுசுழற்சிப் பொருளைத் தனியாகப் பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் அதன் கீழ் கட்டாயம். பக்கத்திலிருக்கும் பினாங்கும் பேராக்கும் இந்தச் சட்டத்தில் சேரவில்லை. அங்கே இருக்கும் சொந்தக்காரர் "எங்க ஊர்ல வேற மாதிரி" என்று சொன்னால் அதுவும் சரிதான்.

சமையல் கழிவை உரமாக்கு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதன் கணக்கில் சோறும் தோலும் சாதாரணக் குப்பையே. வீடு வீடாகப் போகும்போது "உரம் போடாவிட்டால் அபராதம்" என்று சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒருவர் விசாரித்து அது இல்லை என்று தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

"எத்தன தோங் வெக்கணும்? எங்க வீட்டு அடுப்படியில நிக்கவே இடமில்ல."

மூன்று, ஆனால் இடம் கேட்பது ஒன்றுதான். மூடி உள்ள ஐந்து லிட்டர் பெயிண்ட் தோங்கோ பெரிய ஐஸ்கிரீம் டப்பாவோ சிங்க் பக்கத்தில் இருக்கட்டும். அது தோலுக்கும் காய்கறிக் கழிவுக்கும். ஏற்கனவே இருக்கும் குப்பைத் தொட்டி அப்படியே மிச்சக் குப்பைக்கு. மறுசுழற்சிக்குத் தொட்டியே வேண்டாம், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கினால் போதும்.

சின்ன டப்பாவின் அடியில் பழைய பேப்பரை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், கொட்டும்போது பேப்பரோடு சேர்ந்து எல்லாம் வழுக்கி விழும், டப்பாவைக் கழுவுவதும் சுலபம். பிளாஸ்டிக் பையை மட்டும் உள்ளே விரிக்க வேண்டாம். பெட்டியில் வந்து விழும் கோளாறில் பெரும்பங்கு அந்தப் பைதான்.

"என்னென்ன போடலாம்? மீன் தலை, கோழி எலும்பு, மிச்ச சோறு, சந்தான் பிழிஞ்ச சக்க எல்லாம் போடலாமா?"

பச்சையாக வெட்டிப் போடும் எல்லாமே போகும்: காய்த்தோல், பழத்தோல், கீரைத்தண்டு, தேயிலைத்தூள், காப்பித்தூள், முட்டை ஓடு, சாமிப் படத்துக்குப் போட்ட பூ. பூச்சரத்தில் நைலான் நூல் இருந்தால் உருவிவிட்டுப் போடுங்கள். வாழை இலையை நாலாகக் கிழித்துப் போடலாம். மிச்சச் சோறு கைப்பிடி அளவு என்றால் பரவாயில்லை. குழம்பு ஊறிய சோற்றைத் தண்ணீர் ஊற்றி அலசி, பிழிந்து போட வேண்டும். சந்தான் பிழிந்த சக்கையில் இன்னும் எண்ணெய் இருக்கும். வீட்டுக்கு ஒரு கை வந்தால் தெரியாது, கெண்டூரிக்குப் பிழிந்ததை மொத்தமாகக் கொட்டினால் கட்டியாக உறைந்து சிக்கடிக்கும். கொட்டாங்கச்சியும் மாங்கொட்டையும் வருடக் கணக்கில் அப்படியே கிடக்கும். அவை வேண்டாம்.

மீன், கோழி, ஆடு எதுவும் வேண்டாம். தத்துவமாகப் பார்த்தால் அவையும் மக்கும். ஆனால் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் பெட்டியில் அது எலியைக் கூப்பிடும் வேலை. மீன் தலையையும் குடலையும் ஒரு பையில் கட்டி பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, சாதாரணக் குப்பை லாரி வரும் நாளுக்கு முந்தின ராத்திரி இறக்குங்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும். செய்து பார்த்த வீடுகளில் அதற்குப் பிறகு தொட்டி நாற்றம் என்ற பேச்சே இருப்பதில்லை, ஏனென்றால் நாறுவது பெரும்பாலும் அந்த ஒரு பைதான். பொரித்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வையுங்கள், எடைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

"எந்த நாளுல எத எறக்கணும்? ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, ஐஸ் பெட்டி மேல ஒட்டிக்கிறோம்."

கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அதை வைத்துப் போட்ட அட்டவணை இது. லாரி திங்கள், வியாழன் சாதாரணக் குப்பைக்கும், புதன் மறுசுழற்சிக்கும் வருவதாக எடுத்துக்கொண்டோம். உங்கள் தாமானில் நாள் வேறு என்றால் அந்த வரிகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தினமும்: காலை 6.30 முதல் 8 வரை, ராத்திரி 7 முதல் 8.30 வரை உரப் பெட்டி திறந்திருக்கும். சின்ன டப்பாவைத் தினமும் இறக்க வேண்டியதில்லை, இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதும்.
ஞாயிறு ராத்திரி: ஐஸ் பெட்டியில் உள்ள எலும்புப் பை, பேம்பர்ஸ், மிச்சக் குப்பை.
செவ்வாய் ராத்திரி: கதவுக்குப் பின்னால் தொங்கும் மறுசுழற்சிப் பை. டின், போத்தலை ஒரு தடவை அலசிக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும்.
புதன் ராத்திரி: மறுபடியும் எலும்புப் பை, மிச்சக் குப்பை.
வெள்ளி காலை 8 முதல் 9.30 வரை: பெட்டியைக் கிளறுவது, காய்ந்த இலைச் சாக்கை நிரப்புவது, வடிந்த தண்ணீரைக் கொட்டுவது. இரண்டு பேர் போதும்.

திறக்கும் நேரம் இப்படி அமைந்ததற்குக் காரணம் கூலிம் பக்கம் 12 மணி நேர ஷிப்ட். ஏழு மணிக்கு வேலை விட்டு வருகிறவரும் ஏழு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவரும் இரண்டு வேளையில் ஒன்றிலாவது மாட்டுவார்கள். வெள்ளி காலை வேலையை 9.30-க்குள் முடித்தால் ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்களும் அவசரமில்லாமல் கலந்துகொள்ளலாம். வடிந்த தண்ணீரை வாரம் தவறாமல் கொட்டச் சொல்வது ஏடிஸ் கொசுவுக்காக. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். கவிழ்த்து வைக்காத டின்னுக்கும் இதே கணக்குத்தான்.

"நோட்டீஸ் ஒட்டினோம், வாட்ஸ்ஆப்புலயும் போட்டோம். நாலு பேரு கட்டைவிரல் காட்டினாங்க, அவ்வளவுதான். இப்ப என்ன செய்றது?"

நோட்டீஸைக் கிழித்துவிட்டுக் கதவைத் தட்டுங்கள். நோட்டீஸில் "குப்பையைப் பிரிக்கவும்" என்று இருக்கும். படிக்கிறவருக்கு உடனே வரும் மூன்று கேள்விக்கு அதில் பதில் இருக்காது: எதில் போடுவது, எங்கே கொண்டுபோவது, நாறினால் யார் பொறுப்பு. பதில் தெரியாதபோது யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள், சும்மா இருந்துவிடுவார்கள்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அதே மாடிக்காரராக இருக்க வேண்டும், இன்னொருவர் அந்த வீட்டு மொழி பேசுகிறவராக இருந்தால் நல்லது. கையில் பேப்பர் விரித்த, மூடி போட்ட டப்பாவைக் கொண்டுபோங்கள். துண்டுத்தாள் வேண்டாம். பேச்சு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். "அக்கா, ரெண்டு வாரத்துக்குப் பழத்தோலும் காய்த்தோலும் தேயிலையும் மட்டும் இதுல போடுங்க. கீழ இருக்கிற பெட்டியில கொட்டிட்டு டப்பாவ எடுத்துட்டு வந்துருங்க. வேற எதையும் மாத்த வேணாம்." கேட்பது இவ்வளவுதான். மறுசுழற்சி, எண்ணெய், ஐஸ் பெட்டி பேச்சு எல்லாம் மூன்றாவது வாரத்துக்கு. முதல் நாளே எல்லாவற்றையும் சொன்னால் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். நேரம் பார்த்துப் போவதும் முக்கியம். ஏழேகாலிலிருந்து எட்டு வரை மலாய் வீடுகளில் மக்ரிப் நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் வீடுகளில் விளக்கேற்றும் நேரம். சனிக்கிழமை காலை பத்து மணி எல்லாருக்கும் தோதானது.

அடுத்த இரண்டு வாரம் பெட்டி திறந்திருக்கும் நேரத்தில் ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். காவலுக்கு இல்லை, கையால் செய்து காட்ட: கொட்டு, மேலே ஒரு கோப்பை நிறைய மரத்தூள் போடு, மூடு. வருகிற டப்பாக்களை எண்ணிப் படிக்கட்டுச் சுவரில் மாடிவாரியாக எழுதுங்கள், வீட்டு நம்பர் போடாமல். "3-ஆம் மாடி: 6 டப்பா" என்று பார்த்தால் நாலாவது மாடிக்காரருக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் யாருக்கும் அவமானம் இல்லை. எங்கள் அபிப்பிராயத்தில் இந்தப் பதினான்கு நாள் நிற்க ஆள் கிடைக்காவிட்டால் திட்டத்தைத் தள்ளிப்போடுவதே மேல். ஆளில்லாமல் ஆரம்பித்து நாறிப்போன புளோக்கில் மறுபடி ஆரம்பிப்பது ரொம்பக் கஷ்டம்.

"40 வீட்டுல 15 வீடுதான் சேர்ந்திருக்கு. இது போதுமா? பெட்டி எவ்வளவு பெருசு வேணும்?"

ஆரம்பத்துக்கு 15 நல்ல எண்ணிக்கை. எலும்பும் மீனும் கழித்து ஒரு வீட்டில் நாளுக்கு 600 கிராம் வரும் என்று வையுங்கள். 15 வீட்டுக்கு ஒன்பது கிலோ, வாரத்துக்கு 63 கிலோ. அளவில் பார்த்தால் 20 லிட்டர் பெயிண்ட் தோங்கில் ஆறு தோங். தராசு தேவையில்லை, தோங் கணக்கிலேயே எல்லாம் நடக்கும்.

ஒரு தோங் ஈரக் கழிவுக்கு ஒரு தோங் மரத்தூள். அல்லது நொறுக்கிய காய்ந்த இலை இரண்டு தோங். இந்த அளவில் கலந்தால் ஈரமும் சரியாக நிற்கும், மக்கவைக்கும் கிருமிகளுக்குக் காற்றும் கிடைக்கும். காய்ந்தது அதிகமாகிவிட்டால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். குறைந்தால் நாறும். சந்தேகம் வந்தால் அதிகமாகவே போடுங்கள்.

தொழிற்சாலைகள் கழிக்கும் மரப் பாலெட் நான்கை நிறுத்திக் கட்டினால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் வாக்கில் ஒரு பெட்டி. பாலெட்டில் சூடு போட்ட முத்திரை இருக்கும். எச்.டி. என்ற எழுத்து இருந்தால் வெறும் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் புகைமருந்து அடித்தது, விட்டுவிடுங்கள். உள்பக்கம், அடிப்பக்கம் இரண்டிலும் அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். எலி மண்ணைத் தோண்டி அடியிலிருந்துதான் வரும், அடியை விட்டுவிட்டால் மற்ற வலை வீண். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளியும் தேங்காய் மட்டையும், மேலே சரிவாக சிங்க் தகடு. குரங்கு வரும் இடமென்றால் தகட்டின் மேல் பழைய சைக்கிள் டியூப்பை இழுத்துக் கட்டுங்கள். கல்லை வைத்தால் தள்ளிவிடும். மேலே சொன்ன கணக்கில் கழிவு இறங்கி இறங்கி உட்காருவதால் ஒரு பெட்டி நிறைய ஐந்து வாரம் ஆகும். அதனால் மூன்று பெட்டி: ஒன்றில் போட, ஒன்று வேக, ஒன்று ஆற.

"மரத்தூளும் காஞ்ச இலையும் வாராவாரம் எங்கருந்து கொண்டு வர்றது?"

இலைக்கு ஒரு பருவம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ரப்பர் மரம் இலை உதிர்க்கும். ரப்பர் குறைந்து செம்பனை வந்துவிட்டாலும் சிறுதோட்டங்கள் இன்னும் உண்டு. தோட்டத்துக் கிராணியிடமோ நிலத்துக்காரரிடமோ கேட்டுக்கொண்டு, மழை இல்லாத நாளில் போய், உரச் சாக்கில் மிதித்து மிதித்து அடையுங்கள். 15 வீட்டுக்குப் பாதி மரத்தூள், பாதி இலை என்று ஓட்டினால் வருடத்துக்கு 40 சாக்கு வேண்டியிருக்கும். சாக்குகளைப் படிக்கட்டுக்குக் கீழே அடுக்காதீர்கள். தீப்பிடித்தால் ஐந்து மாடிக்கும் வெளியே வர அது ஒன்றுதான் வழி. பெட்டிக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்டு வையுங்கள்.

மரத்தூளில் ஒரு எச்சரிக்கை. பச்சை மரம் அறுக்கும் மில்லில் விழும் தூள் மட்டும் வேண்டும். ரப்பர் மரப் பலகையை அறுத்த பிறகு பூச்சி அரிக்காமலிருக்கப் போரான் மருந்தில் ஊறவைப்பார்கள். மேசை நாற்காலி செய்யும் பட்டறைத் தூளில் அந்த மருந்து இருக்கும், ஒட்டுப் பலகைத் தூளில் பசையும் இருக்கும். போரான் அளவு மீறினால் செடியின் இலை ஓரம் கருகும். இலவசமாகத் தருகிறார்கள் என்று பட்டறையிலிருந்து மூட்டையாக வாங்கி வந்துவிட்டு, பிறகு "உரம் சரியில்லை, மிளகாய்ச் செடி கருகுது" என்று புகார் வருவது இதனால்தான்.

"கீழ் வீட்டு ஆன்ட்டி 'என் ஜன்னலுக்கு நேரா நாத்தத்த வெக்கிறீங்களா'ன்னு சண்டைக்கு வர்றாங்க. அவங்கள எப்படிச் சமாளிக்கிறது?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பயன் 40 வீட்டுக்கு, நாற்றம் வந்தால் அவருக்கு மட்டும். இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவரிடம் சொல்லாதீர்கள், அவரையே கூட்டிக்கொண்டு போய் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்த ஜன்னலிலிருந்தும் ஆறேழு மீட்டர் தள்ளி, மழைத்தண்ணீர் தேங்காத, பாதி நிழலான இடம் வேண்டும். அது பொது இடம் என்பதால் நிர்வாகக் கமிட்டியின் எழுத்து அனுமதியும் வேண்டும். அந்த அனுமதியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நாற்றம் என்று புகார் வந்தால் 24 மணி நேரத்தில் சரிசெய்யப்படும், இரண்டு தடவைக்கு மேல் போனால் பெட்டி வேறு இடத்துக்கு மாறும். இந்த வரியைக் கையில் கொடுத்த பிறகு சண்டை பெரும்பாலும் அடங்கிவிடும்.

நாற்றம் வந்தால் எது என்று மூக்கே சொல்லும். அழுகிய முட்டை வாடையோ புளித்த வாடையோ வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை. நாலு பல் கவையால் அடிவரை கிளறி, இரண்டு தோங் மரத்தூள் சேருங்கள். மூக்கில் சுரீரென்று ஏறும் கழிவறை வாடை என்றால் பச்சைக் கழிவு அதிகம், காய்ந்தது போதவில்லை. இதற்கும் மரத்தூள்தான், ஆனால் ஓரளவு கிளறினால் போதும். ஈரத்தைப் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் குறைவு. நன்றாக நடக்கும் பெட்டியில் இரும்புக் கம்பியைப் பத்து நிமிஷம் குத்தி வைத்து எடுத்தால் பிடிக்க முடியாத சூடு இருக்கும், கிட்டே போனால் மழை பெய்த மண் வாசனைதான் வரும்.

"பெட்டிக்குள்ள புழுவா நெளியுது. பார்த்துட்டு ரெண்டு வீடு விலகிட்டாங்க."

ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், தட்டையாக, வரிவரியாக, பழுப்பு கலந்த வெள்ளையில் இருந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. கெடுதல் இல்லை, கழிவைத் தின்றுவிடும். வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் வந்து மொய்க்காது. ஒருமுனை கூராக, அரிசியளவு வெள்ளையாக மேல்மட்டத்தில் நெளிந்தால் அது வீட்டு ஈயின் புழு. யாரோ மேலே மரத்தூள் போடாமல் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டுக்கும் கைவைத்தியம் ஒன்றே: மேல்மட்டத்தை நடுவில் இருக்கும் சூட்டுக்குள் புரட்டித் தள்ளி, நாலு விரல் கனத்துக்குக் காய்ந்ததால் மூடுங்கள். சூட்டில் புழு நிற்காது. விலகிப்போன வீட்டில் புழுவின் பெருமையைப் பேசி ஜெயிக்க முடியாது. ஒரு வாரம் கழித்து மூடிய பெட்டியைக் காட்டிக் கூப்பிடுங்கள்.

"யாரோ பேம்பர்ஸக் கொண்டு வந்து பெட்டியில போட்டுட்டாங்க. படம் எடுத்து குரூப்புல போடலாமா?"

போடாதீர்கள். யார் போட்டது என்று ஊகம் கிளம்பும், போடாத வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், போட்டவர் பெட்டிப் பக்கமே வரமாட்டார். கையுறை போட்டு எடுத்துவிட்டு, பெட்டி அந்த நேரத்தில் பூட்டியிருந்ததா என்று பாருங்கள். இப்படிப்பட்டது பெரும்பாலும் திறப்பு நேரத்துக்கு வெளியே, பூட்டு மறந்த நாளில்தான் நடக்கும்.

எழுத்துப் பலகையைவிடப் பொருள் பலகை நன்றாக வேலை செய்கிறது. ஒரு பலகையின் பச்சைப் பக்கத்தில் நிஜமான முட்டை ஓடு, காய்ந்த வாழைப்பழத் தோல், தேயிலைப் பொட்டலம். சிவப்புப் பக்கத்தில் புது பேம்பர்ஸ் ஒன்று, கட்டிய பிளாஸ்டிக் பை, கழுவிக் காயவைத்த கோழி எலும்பு. நாலு மொழியில் எழுத வேண்டிய வேலை மிச்சம். வாடகைக்குத் தங்கும் நேப்பாளத் தம்பிகளுக்கும் புரியும். அவர்கள் வீட்டில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால், நோட்டீஸ் பகுதியில் சொன்ன ஐந்து நிமிஷப் பேச்சை மாதம் ஒரு தடவை அங்கே மட்டும் திரும்ப நடத்துங்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்புவதில் பலனில்லை, அவர் பிளாட்டுக்கு வருவதே வாடகை வாங்கத்தான்.

"தீபாவளி, டுரியான் சீசன்லாம் வந்தா பெட்டி தாங்குமா?"

தீபாவளி வாரத்தில் ஈரக் கழிவு இரண்டு மடங்காகலாம். நான்கு சாக்கு மரத்தூளை முந்தின வெள்ளியே தயார் செய்து வையுங்கள், அந்த வாரம் மட்டும் நடுவில் ஒரு தடவை கூடுதலாகக் கிளறுங்கள். டுரியான் தோலைப் பெட்டியில் போட வேண்டாம். இடத்தை அடைத்துக்கொள்ளும், கிளறுகிறவர் கையையும் குத்தும். வெட்டிக் காயவைக்க யாருக்காவது பொறுமை இருந்தால், அடியில் போடும் சுள்ளிக்குப் பதிலாகப் பயன்படும்.

"உரம் எப்ப ரெடியாகும்? 15 வீடு பாடுபட்டு 40 வீட்டுக்கும் பங்கு குடுக்கணுமா?"

நிறைந்த பெட்டியை வாரம் ஒரு தடவை கிளறிக்கொண்டு வந்தால் இன்னும் ஐந்து வாரத்தில் சூடு இறங்கும். பிறகு மூன்று நாலு வாரம் கிளறாமல் ஆறவிட வேண்டும். ஆறிவிட்டதா என்று பார்க்க, ஈரமான ஒரு கைப்பிடியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரிக்கும்போது மண் வாசனை வந்தால் தயார், புளிப்போ கழிவறை வாடையோ வந்தால் இன்னும் இரண்டு வாரம். அரை அங்குல வலையில் சலித்து, மேலே தங்குவதைப் புதுப் பெட்டிக்குள் திரும்பப் போடுங்கள். போட்ட எடையில் கால் பங்கு வாக்கில் உரம் கையில் வரும். தொட்டிச் செடிக்கு ஒரு பங்கு உரம், மூன்று பங்கு மண். வெறும் உரத்திலேயே மிளகாயை நட்டால் வேர் பிடிக்காது.

சேர்ந்த வீடுகளுக்கு முதலில், வீட்டுக்கு இரண்டு கிலோ பையாகக் கொடுங்கள். மிச்சத்தைப் பொது இடத்தில் எல்லாரும் பறிக்கிற கறிவேப்பிலை, பாண்டான், லெங்குவாஸ் செடிக்குப் போடுங்கள். சேராத வீட்டுக்காரர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டாம். ஒரு பை உரத்தை, மூடி போட்ட காலி ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்துக் கொடுங்கள். அடியில் பேப்பர் விரித்த டப்பாவாக இருக்கட்டும்.